பள்ளிக் 'கட்டணம்' 60 வெள்ளியிலிருந்து 120 வெள்ளி: தலைமையாசிரியரின் பதில் கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பள்ளி தொடங்கிய முதல் சில வாரங்களில் பிள்ளைகளின் புத்தகப் பையில் ஒரு தாள் வீட்டுக்கு வரும். இவ்வாண்டு முதல் செலுத்த வேண்டிய தொகை இவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். போன ஆண்டைவிடக் கூடுதலாக இருந்தால் பெற்றோர் முணுமுணுப்பார்கள், வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் கோபப்படுவார்கள், சிலர் கட்டிவிடுவார்கள், சிலர் கட்டாமல் இருந்துவிடுவார்கள். சில பள்ளிகளில் மட்டும் பெற்றோர் ஒன்றுகூடி எழுத்துமூலம் விளக்கம் கேட்பார்கள். அப்போது தலைமையாசிரியரிடமிருந்து ஒரு பதில் கடிதம் வரும். அந்தப் பதில் கடிதத்தை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இது அரசாங்கத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அரசாங்க உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் உரிய விளக்கம். தனியார் பாலர்பள்ளி, தனியார் பள்ளி ஆகியவற்றில் கட்டணம் என்பது நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட ஒன்று. அதன் வழி வேறு.

மாதிரிக்கு ஒரு தோட்டப்புறப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட எந்தப் பள்ளியையும் சுட்டாமல், இத்தகைய கடிதங்களில் வழக்கமாக வரும் செய்திகளை ஒன்றுசேர்த்து அமைத்த உதாரணம் இது. தொகைகளும் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை. பள்ளியில் 94 மாணவர்கள், 60 குடும்பங்கள். போன ஆண்டு 60 வெள்ளி. இவ்வாண்டு வந்த அறிக்கையில் 120 வெள்ளி. 'மாணவர் கட்டணம்' என்று தலைப்பு இருந்ததால், மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் 360 வெள்ளி கட்ட வேண்டுமோ என்று பயந்துவிட்டார்கள். குறைந்தபட்ச சம்பளமே மாதம் 1,700 வெள்ளி என்ற நிலையில் 360 வெள்ளி என்பது ஒரு வாரச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. பதினான்கு பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். வந்த பதில் இது:

"அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம். தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். பள்ளிக் கட்டண உயர்வு குறித்த விளக்கத்தைக் கீழே தருகிறேன்.

ஒன்று, 120 வெள்ளி என்பது ஒரு குடும்பத்துக்கு உரிய தொகை. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடாது.

இரண்டு, பொருள்களின் விலை ஏற்றத்தால் செலவு அதிகரித்துள்ளது. இவ்வாண்டுக்கான மதிப்பீடு: தாள், மை, நகலெடுக்கும் செலவு 1,800 வெள்ளி, போட்டிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் பேருந்து வாடகை 2,250 வெள்ளி, பரிசளிப்பு விழா 950 வெள்ளி, புதிய நகலெடுக்கும் இயந்திரம் 2,200 வெள்ளி, மொத்தம் 7,200 வெள்ளி.

மூன்று, இந்த உயர்வு பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையின் ஒப்புதலுடன் செய்யப்பட்டது.

நான்கு, கடந்த ஆண்டு 60 குடும்பங்களில் 42 குடும்பங்கள் மட்டுமே செலுத்தின.

ஐந்து, இம்மாத இறுதிக்குள் செலுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிரமம் உள்ளவர்கள் அலுவலகத்தில் என்னை நேரில் சந்திக்கலாம்."

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது மோசமான கடிதம் அல்ல. செலவைப் பிரித்துக் காட்டியிருக்கிறார், எத்தனை பேர் கட்டினார்கள் என்பதை மறைக்கவில்லை, குடும்பத்துக்கு ஒரு தொகைதான் என்று தெளிவாக்கியிருக்கிறார். பல பள்ளிகளில் இந்த அளவு விளக்கம்கூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் இதில் மூன்று இடங்களில் பெற்றோர் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, தலைப்பிலேயே இருக்கும் 'கட்டணம்' என்ற சொல். அரசாங்கப் பள்ளிகளில் பள்ளிக் கட்டணம் என்று ஒன்று இப்போது இல்லை. 2012ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 2011 அக்டோபரில் தாக்கல் செய்யப்பட்டபோதே அது நீக்கப்பட்டது. அதுவரை தொடக்கப்பள்ளி மாணவருக்கு 24 வெள்ளி 50 காசும், இடைநிலைப்பள்ளி மாணவருக்கு 33 வெள்ளி 50 காசும் வசூலிக்கப்பட்டு வந்தது. புறப்பாட நடவடிக்கை, பள்ளிச் சோதனைத் தாள், விளையாட்டு மன்றச் சந்தா, காப்புறுதி போன்றவை அதில் அடங்கியிருந்தன. அந்தச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பாடநூல் இரவல் திட்டம் அதற்கு முன்பே, 2008இல், பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் எல்லா மாணவருக்கும் விரிவாக்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் இந்த 120 வெள்ளி என்ன? அது பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு உறுப்பினர்கள் கொடுக்கும் பங்களிப்பு. மலாய்க் கடிதத்தில் 'சும்பாங்கான்' என்று எழுதியிருப்பார்கள். தமிழில் மொழிபெயர்க்கும்போது அது 'கட்டணம்' ஆகிவிடுகிறது. வீட்டில் பேசும்போது பழைய பழக்கத்தில் 'யூரான் கட்டியாச்சா?' என்று கேட்கிறோம். தாத்தா பாட்டி பொறுப்பில் வளரும் பிள்ளைகளின் வீடுகளில் மலாய்த் தாளைப் படிக்க ஆளிருக்காது. தமிழில் வந்ததுதான் அவர்களுக்குச் சட்டம். கட்டணம் என்று படித்தால், கட்டாவிட்டால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வருவது இயல்புதானே. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு ஒரு குடும்பத்தைக் கடன் வாங்க வைத்துவிடுகிறது.

இங்கே இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். 2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, சங்கப் பங்களிப்பைக் கட்டினால்தான் சேர்ப்போம் என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. கல்வியமைச்சும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது: பங்களிப்பு செலுத்தாததைக் காரணம் காட்டிப் பிள்ளையின் பதிவையோ படிப்பையோ தடுக்கக்கூடாது.

இதைப் படித்தவுடன், 'அப்படியானால் கட்டவே வேண்டாம்' என்ற முடிவுக்குச் சிலர் வந்துவிடலாம். அவசரப்பட வேண்டாம். கடிதத்தின் இரண்டாவது அம்சத்தில் உள்ள கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பொருள்களின் விலை ஏறிவிட்டது என்று கடிதம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் 60 வெள்ளி 120 வெள்ளியாக இரட்டிப்பானதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. தாளும் மையும் ஓராண்டில் இரண்டு மடங்கு ஆவதில்லை. 7,200 வெள்ளியை 60 குடும்பங்களுக்குப் பிரித்தால் சரியாக 120 வெள்ளி வருகிறது. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 7,200இல் 2,200 வெள்ளி நகலெடுக்கும் இயந்திரம் வாங்குவதற்கு. இயந்திரத்தை ஒருமுறை வாங்கினால் அடுத்த ஆண்டு மறுபடியும் வாங்கப் போவதில்லை. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஆண்டுதோறும் வரும் செலவு 5,000 வெள்ளி. 60 குடும்பங்களுக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு 83 வெள்ளி 30 காசு சொச்சம். மீதி 36 வெள்ளி 70 காசு அளவு இயந்திரத்துக்கான பங்கு.

ஆக, இந்தப் பள்ளியில் உண்மையான உயர்வு 60இலிருந்து ஏறக்குறைய 84 வெள்ளிக்கு. மேலே உள்ளது ஒருமுறைச் செலவு. இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்து 'புதிய கட்டணம் 120' என்று அறிவித்துவிட்டால், அடுத்த ஆண்டு இயந்திரம் வாங்கி முடிந்த பிறகும் 120 வெள்ளியே நிலைத்துவிடும். ஒருமுறை ஏறிய தொகை இறங்கியதாகப் பெரும்பாலும் கேள்விப்படுவதில்லை. யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பொருளாளர் பழைய தாளைப் பார்த்து அதே தொகையைப் போட்டுவிடுவார், அவ்வளவுதான். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதில் எவ்வளவு ஆண்டுதோறும் வரும், எவ்வளவு இந்த ஆண்டுக்கு மட்டும்?

இப்போது தலைமையாசிரியரின் இடத்திலிருந்து பார்ப்போம். நான்காவது அம்சத்தில் அவர் சொன்னது முக்கியம். போன ஆண்டு 60 குடும்பங்களும் 60 வெள்ளி கட்டியிருந்தால் 3,600 வெள்ளி சேர்ந்திருக்கும். 42 பேர் கட்டியதால் சேர்ந்தது 2,520 வெள்ளி. இவ்வாண்டும் அதே 42 குடும்பங்கள்தான் கட்டப் போகின்றன என்றால், 120 வெள்ளி வீதம் 5,040 வெள்ளி சேரும். ஆண்டுச் செலவான 5,000 வெள்ளிக்கு அது சரியாகப் போய்விடும். புதிய இயந்திரம் வராது. 84 வெள்ளி என்று குறைத்து அதே 42 பேர் கட்டினால் 3,528 வெள்ளிதான் சேரும். பேருந்துக்கோ தாளுக்கோ சுமார் 1,470 வெள்ளி இடிக்கும். இந்தக் கணக்கைச் செய்து பார்த்த பிறகு, தலைமையாசிரியர் ஏன் பெரிய தொகையாகப் போட்டார் என்பது புரிந்துவிடுகிறது. கட்டாத 18 பேரின் பங்கும் கட்டுகிற 42 பேர் தலையில் விழுகிறது. கடிதம் அதை அப்படிச் சொல்லவில்லை, விலையேற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் பெற்றோர் இன்னும் பொறுமையாகக் கேட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

தோட்டப்புறச் சிறிய பள்ளிகளில் இந்தச் சிக்கல் ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. அரசாங்கம் பாடங்களுக்காகக் கொடுக்கும் மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மாணவர் குறைந்தால் மானியமும் குறையும். 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது; நமது தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகைதான். ஆனால் செலவு எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை. பட்டணத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு 20 பிள்ளைகளை அழைத்துப் போனாலும் 40 பிள்ளைகளை அழைத்துப் போனாலும் பேருந்து வாடகை ஒன்றுதான். நமது உதாரணத்தில் ஒரு பயணத்துக்கு 450 வெள்ளி வீதம் ஐந்து பயணம், 2,250 வெள்ளி. 60 குடும்பம் பிரித்துக்கொண்டால் தலைக்கு 37 வெள்ளி 50 காசு. அதே ஐந்து பயணத்தை 600 குடும்பங்கள் உள்ள பட்டணப் பள்ளி பிரித்துக்கொண்டால் 3 வெள்ளி 75 காசு. பட்டணப் பள்ளி கூடுதல் பிள்ளைகளை அனுப்பும், இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஏழெட்டு வெள்ளிக்கு மேல் போகாது. 'பட்டணப் பள்ளியிலேயே 50 வெள்ளிதான், இங்கே ஏன் 120?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். இந்தப் பதிலும் கடிதத்தில் வந்திருக்க வேண்டும்.

அந்தப் பேருந்து நின்றுவிட்டால் யாருக்கு இழப்பு என்பதையும் யோசிக்க வேண்டும். கார் உள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் போட்டிக்குப் போய்விடும். மோட்டார் சைக்கிள் மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளைதான் பள்ளியிலேயே நின்றுவிடும். கட்ட முடியாதவர்களுக்காகத்தான் கட்ட முடிந்தவர்கள் கட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்து நின்று பார்க்க வேண்டியது மூன்றாவது அம்சம்: 'செயலவையின் ஒப்புதலுடன்'. சட்டப்படிச் சிக்கல் இருக்கும் இடம் இதுதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் தலைமையாசிரியரின் கீழ் இயங்கும் ஒரு பிரிவு அல்ல. 1998ஆம் ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைகளின்படி அமைக்கப்படும் தனி அமைப்பு அது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் பள்ளி ஆசிரியர்களும் அதன் உறுப்பினர்கள். தலைமையாசிரியர் அதன் ஆலோசகர். செயலவை என்பது உறுப்பினர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கும் குழு. எல்லா உறுப்பினரும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைப் பேசி முடிவு செய்ய வேண்டிய இடம் அந்தப் பொதுக்கூட்டம். செயலவை வரவு செலவுத் திட்டம் தயாரிக்கலாம், தொகையைப் பரிந்துரைக்கலாம். அதை உறுப்பினர்கள் முன்வைத்து ஒப்புதல் பெற வேண்டும். ஆண்டின் நடுவில் அவசரமாகத் தேவைப்பட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டலாம்.

நடைமுறையில் இது தடுமாறுவதற்குக் காலம்தான் காரணம். பணம் பிள்ளைகளின் பதிவு நாளிலேயே வசூலிக்கப்படுகிறது. பொதுக்கூட்டமோ அதற்குப் பல வாரங்கள் கழித்து நடக்கிறது. போன ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிவு செய்த தொகையை இவ்வாண்டு பதிவு நாளில் வாங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிய தொகையைப் பதிவு நாளில் வாங்கிவிட்டு, பிறகு பொதுக்கூட்டத்தில் 'ஏற்கெனவே வசூலாகிவிட்டது' என்று ஒப்புதல் கேட்பது தலைகீழ் வேலை. ஆகவே பதில் கடிதத்தில் ஒரு தேதியைத் தேடுங்கள். 'இன்ன தேதியில் நடந்த பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டது' என்று இருந்தால், அந்தக் கூட்டத்தின் குறிப்பைக் கேட்டுப் பார்க்கலாம். தேதியே இல்லை, அல்லது செயலவை என்று மட்டும் இருக்கிறது என்றால், இது இன்னும் முடிவாகாத பரிந்துரை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பெற்றோர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறோம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் என்றால் வேலை, கோயில், கல்யாணம் என்று ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. போதிய ஆள் வரும்வரை காத்திருந்து, வந்த இருபது முப்பது பேரை வைத்துக் கணக்கறிக்கையை வாசித்து, தேநீர் குடித்துக் கலைந்துவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. போகாமல் விட்டவர்களும் அங்கே எடுத்த முடிவுக்கு உட்பட்டவர்களே.

கையெழுத்து யாருடையது என்பதையும் கவனியுங்கள். நமது மாதிரிக் கடிதத்தில் தலைமையாசிரியர் மட்டுமே கையெழுத்திட்டிருக்கிறார். சங்கத்தின் பணம் என்றால் சங்கத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுவதுதான் முறை. பணம் செலுத்தும்போது கிடைக்கும் ரசீதிலும் இதே கேள்வி எழும். சங்கத்துக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டு. பள்ளிக்கும் பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடைக்கென்று தனிக் கணக்கு உண்டு. பங்களிப்பு சங்கத்துக்கு என்றால் ரசீதும் சங்கத்தின் பெயரில் வர வேண்டும். ரசீதே இல்லாமல், வகுப்பாசிரியர் பெயர்ப் பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வது ஆசிரியருக்கும் நல்லதல்ல. பின்னால் ஒரு பத்து வெள்ளி குறைந்தால் பழி அவர் மேல்தான் விழும்.

கடைசியாக ஐந்தாவது அம்சம். 'சிரமம் உள்ளவர்கள் நேரில் சந்திக்கலாம்.' நல்ல எண்ணத்தோடு எழுதிய வரிதான். ஆனால் யார் போவார்கள்? அலுவலக வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற போகிற ஆசிரியர்கள் பார்க்க, 'என்னால் கட்ட முடியவில்லை' என்று சொல்ல மானம் இடம் கொடுக்காது. சம்பளம் பிடிக்கும் பயத்தில் வேலைக்கு லீவு போடவும் முடியாது. போன ஆண்டு கட்டாத 18 குடும்பங்களில் எத்தனை பேர் மனமில்லாதவர்கள், எத்தனை பேர் வழியில்லாதவர்கள் என்பது தலைமையாசிரியருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. கடிதத்தின் அடியில் வெட்டிக் கொடுக்கும் ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் போதும்: முழுவதும் கட்டுகிறேன், மூன்று தவணையில் கட்டுகிறேன், இவ்வாண்டு இயலவில்லை, வேறு தொகை தருகிறேன் என்று நான்கு கட்டம். உறையில் போட்டு ஒட்டி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடலாம்.

கடிதத்தில் வராத ஒரு வரிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கட்டாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அதைப் பற்றிக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் பயம் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. எது நடந்தால் தவறு என்று பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேர்ச்சி அறிக்கையைக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பது, பாடநூல் தர மறுப்பது, கட்டாதவர்களின் பிள்ளைகளைச் சபைகூடலில் எழுந்து நிற்கச் சொல்வது, வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியல் போடுவது ஆகியவை கூடாது. அரசாங்கம் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் 150 வெள்ளி தொடக்கப் பள்ளி உதவித் தொகையிலிருந்து சங்கப் பணத்தைக் கழித்துக்கொள்வதும் கூடாது. அது பிள்ளைக்கு வந்த பணம், முழுவதுமாகக் கைக்கு வர வேண்டும். உதவித் தொகை கொடுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே சங்கப் பணம் வசூலிக்கும் மேசையைப் போடுவது சில பள்ளிகளின் வழக்கம். கழித்துக்கொள்வதாகாது என்று வாதிடலாம். வாங்கிய கையோடு கொடுக்க வேண்டிய நிலைக்கு ஒருவரைத் தள்ளுவதும் ஏறக்குறைய அதேதான்.

பயிற்சிப் புத்தகம், விளையாட்டுச் சட்டை, பெயர்ப்பட்டை போன்றவை வேறு. அவை பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கும் பொருள்கள். சங்கப் பங்களிப்போடு ஒரே தாளில், ஒரே கூட்டுத்தொகையாகப் போட்டுவிட்டால் எது கட்டாயம், எது விருப்பம், எது குடும்பத்துக்கு, எது பிள்ளைக்கு என்று யாருக்கும் புரியாது. தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதே பள்ளி, இதே பணம், இதே தேவை. தலைமையாசிரியர் கடிதத்தை இப்படி எழுதியிருக்கலாம்:

"பள்ளிக்குக் கட்டணம் எதுவும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஆண்டுதோறும் நீங்கள் கொடுக்கும் பங்களிப்பைப் பற்றியது இக்கடிதம். இவ்வாண்டுக்கான வழக்கமான செலவு 5,000 வெள்ளி. குடும்பத்துக்கு 84 வெள்ளி என்று செயலவை பரிந்துரைக்கிறது. வரும் பொதுக்கூட்டத்தில் இதை நீங்கள் முடிவு செய்வீர்கள். அதுவரை பழைய 60 வெள்ளியே. நகலெடுக்கும் இயந்திரத்துக்கு 2,200 வெள்ளி தேவை. அதற்குத் தனியே நன்கொடை கேட்கவிருக்கிறோம். போன ஆண்டு 18 குடும்பங்கள் கட்டவில்லை. அதனால் பேருந்துக்குப் பணம் போதவில்லை. இயலாதவர்கள் கீழேயுள்ள சீட்டை நிரப்பி உறையில் வைத்து அனுப்பலாம். கட்டாததால் எந்தப் பிள்ளையின் பதிவும், பாடநூலும், தேர்ச்சி அறிக்கையும், போட்டி வாய்ப்பும் பாதிக்கப்படாது. இப்படிக்கு, தலைமையாசிரியர், சங்கத் தலைவர்."

இயந்திரத்துக்கு யாரிடம் கேட்பது என்றால், முன்னாள் மாணவர்கள், பள்ளி வாரியம், தோட்ட நிர்வாகம், அந்த வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு என்று வழிகள் இருக்கின்றன. ஒருமுறை வாங்கும் ஒரு பொருளுக்கு நன்கொடையாளர் கிடைப்பது எளிது. பெயரை எழுதி ஒட்டலாம், படம் எடுத்துப் போடலாம். தாளுக்கும் மைக்கும் பேருந்துக்கும் பெயர் எழுத முடியாது, அதற்கு யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். அதனால்தான் வழக்கமான செலவைப் பெற்றோரிடமும் ஒருமுறைச் செலவை வெளியிலும் கேட்பது நல்லது என்கிறேன்.

பெற்றோர் மறுபடியும் எழுதுவதாக இருந்தால் நீளமாக எழுத வேண்டாம். எந்தத் தேதியில் நடந்த பொதுக்கூட்டத்தில் 120 வெள்ளி முடிவானது, அதில் எவ்வளவு இவ்வாண்டுக்கு மட்டும், கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைக்கு எந்தத் தடையும் வராது என்று எழுத்தில் உறுதி தருவீர்களா என்ற மூன்று கேள்விகள் போதும். தலைமையாசிரியருக்கு எழுதிச் சங்கத் தலைவருக்கு ஒரு நகல் கொடுங்கள். உங்களிடம் ஒரு நகலை வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் கொடுத்த தேதியை அதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றாலோ, பிள்ளையின் படிப்பில் கை வைத்தாலோ, அந்த நகலோடு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகலாம். முகநூலில் பள்ளியின் பெயரைப் போட்டுத் திட்டுவதால் அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு வர வேண்டிய நாலு பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போவார்கள். மானியம் இன்னும் குறையும், குடும்ப எண்ணிக்கை 60இலிருந்து 56 ஆகும், அதே 5,000 வெள்ளியை அப்போது 56 பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். தலைக்கு 89 வெள்ளி 30 காசு.